அன்பான, அடக்கமான, பயணம் பிடித்த பிரிசில்லா

பிரிசில்லாவுக்குப் பயணம் பிடிக்கும் என்று உலகத்துக்கே அறிவித்தவன் அவளுடைய அண்ணன் ஆரோக்கியராஜ். அவளுக்கோ பஸ் ஏறினாலே குமட்டும். கடலூர் முதுநகரிலிருந்து சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு தடவை வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறாள். அதுவும் மாதாவுக்காகப் போனது, பயணத்துக்காக இல்லை.

கல்யாண வெப்சைட்டில் 'என்னைப் பற்றி' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில்தான் இந்தக் கூத்து நடந்தது. வருஷம் இரண்டாயிரத்துப் பத்து. ஆரோக்கியராஜ் சிதம்பரத்தில், பல்கலைக்கழகப் பையன்கள் நடமாடும் தெருவில் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தான். தங்கச்சிக்கு வயது முப்பத்தொன்று ஆகிவிட்டது, தரகர்களெல்லாம் கைவிட்டுவிட்டார்கள், சரி, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து கணக்குத் தொடங்கிவிட்டான். பெயர், உயரம், படிப்பு, சம்பளம் எல்லாம் சுலபமாகப் போயிற்று. 'என்னைப் பற்றி' வந்ததும் கை நின்றுவிட்டது. கூடப் பிறந்தவளைப் பற்றி நாலு வரி எழுது என்றால் யாருக்குத்தான் வரும்? வேறு எவளோ ஒருத்தியின் பக்கத்தைத் திறந்து, அதிலிருந்ததை அப்படியே எடுத்து ஒட்டினான். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'அன்பானவள், அடக்கமானவள், யாரோடும் அனுசரித்துப் போவாள். பாரம்பரியமும் நவீனமும் கலந்தவள். இசையும் பயணமும் மிகவும் பிடிக்கும்.'

பக்கத்தைப் பார்த்துப் பிடித்தவர்கள் அனுப்புகிற 'விருப்பங்கள்' வந்து குவிந்தன. ஆரோக்கியராஜுக்குத் தலைகால் புரியவில்லை. போன் பண்ணுகிறவர்களிடம் அவன் கேட்கிற ஒரே கேள்வி, "நீங்க எந்தப் பங்கு?" என்பதுதான், அதாவது எந்த மாதா கோயிலைச் சேர்ந்தவர் என்று. வாயில் ஒரு பங்கின் பெயர் வந்துவிட்டால் போதும், பிரிசில்லாவின் செல் நம்பரைக் கொடுத்துவிடுவான்.

அடுத்த நாள் அவள் மத்தியான டிபன் டப்பாவைத் திறக்கும்போது போன் வரும்.

"டிராவல் புடிக்கும்னு போட்டிருந்தீங்களே, பாண்டிக்குப் பைக்ல போலாமா? சும்மா ஒரு ரவுண்டு. புடிச்சிருந்தா அப்புறம் வீட்ல பேசிக்கலாம்."

இன்னொருத்தன் தினமும் குட்மார்னிங் அனுப்பினான். கல்யாணம் என்ற வார்த்தையைத் தவிர எல்லாம் பேசினான். மூன்றாமவன் எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டுப் போனிலேயே பாடியும் காட்டினான். இதையெல்லாம் அவள் முதலில் நம்பத்தான் செய்தாள். அதுதான் கொடுமை. ஒவ்வொரு புது நம்பருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பேசுகிறவன் இருபது நாள் பேசுவான், "எப்ப வீட்டுக்கு வரீங்க?" என்று அவள் கேட்ட அன்றைக்கே காணாமல் போவான்.

காணாமல் போகிறவர்கள் விஷயத்தில் பிரிசில்லாவுக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. நாலு வருஷத்துக்கு முன்பு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் சபைக்கு அறிவிப்பது. முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாவதும் வாசித்தார்கள். மூன்றாவதுக்கு முன்பு மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேண்டாம் என்று ஆள் வந்தது. ஏன் என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில் அவள் பெயர் வராமல் போனதை மொத்தப் பங்கும் காதால் கேட்டது. காரணம் தெரியாத இடத்தில் ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொன்று வைத்தார்கள். அவளுக்கு வலிப்பு என்றார்கள், வேறு ஆள் இருக்கிறான் என்றார்கள், கெமிக்கல் கம்பெனியில் வேலை செய்கிறவளுக்குக் குழந்தை தங்காது என்றுகூடச் சொன்னார்கள்.

அதிலிருந்து வந்த வரன்களெல்லாம் ஒரே மாதிரி போயின. வருவார்கள், பஜ்ஜி தின்பார்கள், சிரிப்பார்கள். அப்புறம் அவள் பங்கில் விசாரிப்பார்கள், அவ்வளவுதான். பிரிசில்லாவுக்கு வேண்டியது பெரிய மாப்பிள்ளை இல்லை. தெரிந்த பிறகும் போகாத ஒருத்தன் வேண்டும். அது ஒன்றுதான்.

பாண்டி பைக்குக்காரன் இரண்டாம் தடவை கூப்பிட்ட சனிக்கிழமை, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு சிதம்பரம் பஸ் ஏறினாள். அண்ணன் கடைக்குள் நுழைந்து, தன்னைப் பற்றி எழுதியிருப்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தாள்.

"யாருண்ணா இவ?"

"எவ?"

"இந்த இசை, பயணம், அனுசரணை. நான் என்னைக்கு அனுசரிச்சிப் போனேன்?"

ஆரோக்கியராஜ் தலையைச் சொறிந்தான். "எல்லாரும் அப்பிடித்தான் போடறாங்க பாப்பா."

"அதான் எல்லாரும் வரானுங்க."

அன்றைக்கு அவளே சொல்லச் சொல்ல அவன் அடித்தான். கோபத்தில் சொன்னது. டைம்பாஸ் ஆட்கள் தொடர்பு கொள்ள வேண்டாம், குடிப்பவர்கள் வேண்டாம், அம்மா பேச்சைக் கேட்டு ஆடுகிறவர்கள் வேண்டாம், பொய் சொல்பவர்கள் கண்டிப்பாக வேண்டாம். அடித்து முடித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது.

நடந்தது என்ன? டைம்பாஸ் ஆட்கள் ஒருவர்கூடக் குறையவில்லை, அவர்கள்தான் படிப்பதே இல்லையே. போட்டோவைப் பார்த்துப் பொத்தானை அமுக்குகிறவர்கள். படித்துப் பார்க்கிற நாலு நல்லவர்கள் இருந்திருப்பார்கள், இந்தப் பொம்பளை கல்யாணத்துக்கு ஆள் தேடுகிறாளா, சண்டைக்குத் தேடுகிறாளா என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

அவள் வேலை பார்த்தது சிப்காட்டில் ஒரு கம்பெனியின் லேபில். உடன் வேலை செய்த சத்யப்பிரியா இதே மாதிரி ஒரு வெப்சைட்டில் புருஷனைப் பிடித்தவள். பிடித்தவள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். பிரிசில்லா எழுதியதை மத்தியானச் சாப்பாட்டில் கேட்டுவிட்டு, சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"ஏன்டி, நீ வேணாங்கறது எல்லாம் தெரியுது. நீ யாருன்னு ஒரு வரிகூட இல்லியே?"

"அன்பானவள்னு போட்டா பைக்ல கூப்புடறான்."

"அன்பானவள்னு யாரு வேணா போடலாம். நான் போடலாம், நம்ம சூப்பர்வைசர்கூடப் போட்டுக்கலாம். வேற ஒருத்தி எழுதியிருக்கலாம்னு தோணற வரி எல்லாத்தையும் அடிச்சிடு. உன்னாலதான் எழுத முடியும்ங்கறத வை. அப்புறம், வேணாங்கறத சொல்லாத, வேணுங்கறத சொல்லு. எத்தினி நாள்ல கல்யாணம், யாரு பேசணும், வேலைய விடுவியா மாட்டியா. விளையாட வரவன் அத படிச்சாலே ஓடிருவான்."

"ஓலை விஷயம்?"

சத்யப்பிரியா யோசித்தாள். "கதையா எழுதாத. பாவம் பாக்க ஒரு கூட்டம் வரும், கெடச்ச சாக்குன்னு ரெண்டாம் தாரத்துக்குக் கேட்டு ஒரு கூட்டம் வரும். ஒரே வரி. என்ன நடந்துச்சோ அது. மறச்சா எப்பிடியும் பங்குல சொல்லிருவாங்க."

அந்த வாரம் முழுக்க பிரிசில்லா ஒரு இடத்தில் உட்காரவில்லை. அரிசி களையும்போது ஒரு வரி வரும், லேபில் குடுவையைக் கழுவும்போது அது பொய்யாகத் தெரியும். அம்மா ஆரோக்கியம்மாள், "ஏண்டி வாய்க்குள்ள முணுமுணுக்கற, ஜெபமா?" என்று கேட்டாள். தன்னைப் பற்றி உண்மையாக நாலு வரி சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று அவள் நினைத்ததே இல்லை. நல்லதைச் சொன்னால் பீற்றல், கெட்டதைச் சொன்னால் புலம்பல். இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி இருக்கிறாள், அவளைப் பிடிக்க முடியவில்லை.

கடைசியில் பிடித்தாள். அடுத்த சனிக்கிழமை அண்ணன் கடையில் அவள் சொன்னது இது:

'கெமிக்கல் கம்பெனி லேபில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் போவேன். வேலை முடிந்து வந்ததும் அரைமணி நேரம் யாரோடும் பேச மாட்டேன், அதற்குப் பிறகு நிறுத்த மாட்டேன். மீன் குழம்பு நன்றாக வைப்பேன், கறி சுமார்தான். கோபம் சீக்கிரம் வரும், மறுநாள் வரை வைத்திருக்க மாட்டேன். 2006-ல் நிச்சயமாகி, இரண்டு ஓலை வாசித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பவர், முதலில் வீட்டோடு வந்து பேசலாம். இதை முழுக்கப் படித்திருந்தால், உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யார் சமைப்பார்கள் என்று முதல் வரியில் எழுதுங்கள்.'

அந்தக் கடைசிக் கேள்வி அவளுடைய சொந்த யோசனை. ஆரோக்கியராஜ் சிரித்துவிட்டான். அடித்து முடித்தான். அவள் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். சரிபார்த்து ஒரு நாள் கழித்துத்தான் வெளியில் தெரியும் என்று வெப்சைட்டில் போட்டிருந்தது.

அந்தக் கேள்வி ஆட்களை நன்றாகவே சலித்துக் கொடுத்தது. கூலிங் கிளாஸ் போட்டோவும் 'ஹாய் டியர்' என்று ஒரு வரியுமாக வந்தவர்கள் எல்லாம் படிக்காதவர்கள் என்று பார்த்தவுடனே தெரிந்துபோயிற்று. ஆரோக்கியராஜ் போனில் படித்துக் காட்டுவான், அவள் "வேணாம்" என்பாள், ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். யார் சமைத்தால் உங்களுக்கென்ன என்று ஒருவன் சண்டைக்கே வந்தான். அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் லூர்துசாமி எழுதினான்.

'ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு நான் வைப்பேன். அம்மாவுக்கு மூட்டு வலி. ஆனால் எனக்குச் சோறு வடிக்க வராது, குழைந்துவிடும். நான் மங்கலம்பேட்டையில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டோடு வரலாமா?'

பிரிசில்லா இதைப் போனில் அண்ணனை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஓலையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எழுதவில்லை. தெரிந்தும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனுஷன் என்று அவளுக்கு அந்த இடத்திலேயே அவன்மேல் பிரியம் வந்துவிட்டது. சொல்வதற்கென்ன, வந்துவிட்டது. இரண்டு வாரம் போனில் பேசினார்கள். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் கூப்பிடுகிறேன் என்று சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டான்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த பிறகு லூர்துசாமியும் அவன் அப்பாவும் முதுநகர் வீட்டுக்கு வந்தார்கள். ஆரோக்கியராஜ் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தான். பெரியவர் காப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டு, சிப்காட் பக்கமிருந்து காற்று அடித்தால் இங்கே வாடை வருமா என்று விசாரித்தார். சின்னவர்கள் இரண்டு பேரும் மொட்டை மாடியில் போய்ப் பேசட்டும் என்றாள் ஆரோக்கியம்மாள்.

மாடியில் லூர்துசாமி கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்தான், நல்ல கட்டடம் என்றான். பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. மனசில் இருந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"நீங்க அந்த ஓலை விஷயத்தைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. எனக்கு அது பெரிய ஆறுதலா இருந்திச்சி. ஆனா கேக்கணும்னா கேளுங்க."

"எந்த ஓலை?"

விளையாடுகிறான் என்று நினைத்தாள். முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை.

"நான் எழுதியிருந்தேனே?"

"இல்லியே. நான் ஏழெட்டு வாட்டி படிச்சிருக்கேன். அப்பிடி ஒண்ணும் இல்லியே."

அவள் நிறுத்தவில்லை, இரண்டு வாக்கியத்தில் முழுவதையும் சொன்னாள். லூர்துசாமி கையைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கீழேயிருந்து அவன் அப்பா, "டேய், நேரமாவுது" என்று கூப்பிட்டார். அவன் இறங்கிப் போனான். வாசலில் அப்பாவிடம் மெதுவாகச் சொல்வதை அவள் மேலேயிருந்து பார்த்தாள். பெரியவர் உள்ளே திரும்பி, "சொல்லி அனுப்பறோம்" என்றார். லூர்துசாமி அவர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

பிரிசில்லா இறங்கி வந்து அண்ணன் முன்னால் நின்றாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"அந்த ஒரு வரி மட்டும் உறுத்துச்சி பாப்பா. நீ பஸ்சுக்குப் போனதும் எடுத்துட்டேன். நல்லா பேசிப் பழகிட்டா அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு..."

"அவுரு என்னைப் பொய்க்காரின்னு நெனச்சிட்டுப் போயிருக்காரு. நான் பொய்யே சொல்லலண்ணா. ஒரு பொய்கூடச் சொல்லல." அவள் அழுதாள். நாலு வருஷத்துக்கு முன்பு அழாததையும் சேர்த்து அழுதாள். ஆரோக்கியராஜும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. தங்கச்சிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவள் காலடி மண்ணைப் பறித்துவிட்டான், நம் வீடுகளில் நடக்காததா?

அன்று சாயங்காலமே கடலூரில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனாள். அண்ணனிடம் பாஸ்வேர்டை வாங்கி மாற்றினாள், அந்த வரியைத் தன் கையாலேயே அடித்துச் சேர்த்தாள். கூடவே ஒன்று எழுதினாள்: 'இதுவரை இந்தப் பக்கத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். இனி நானே.'

விருப்பங்கள் சட்டென்று குறைந்தன. வருகிறதே அபூர்வம் என்றாயிற்று. மங்கலம்பேட்டைப் பெரியவர் ஆரோக்கியராஜுக்குப் போன் பண்ணி, ஒத்துவராது, தப்பா நினைக்காதீங்க என்று சொல்லிவிட்டார். எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் பிரிசில்லாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஷிப்ட் முடிந்ததும் நேராகப் பிரௌசிங் சென்டர். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. எழுந்து வெளியே வருவாள், மார்க்கெட் வரை நடப்பாள், ஏதாவது வந்திருக்குமோ என்று மறுபடி திரும்பி வருவாள். கடைக்காரர், "என்னாம்மா, ரிசல்ட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த வரி எதற்கு? இருந்தால் ஒருவரும் வருவதில்லை, இல்லாவிட்டால் வந்தவர் போய்விடுகிறார். ஒரு நாள் அதை அழிக்கக் கையை வைத்தே விட்டாள். அழிக்கவில்லை. அழித்தால் மறுபடி அன்பான, அடக்கமான எவளோ ஒருத்திதான் அங்கே உட்காருவாள், வருகிறவனும் அவளுக்குத்தான் வருவான்.

அதற்கு மறுவாரம், தன் பக்கத்தைப் பார்த்தவர்கள் யார் யார் என்று காட்டுகிற இடத்தைத் திறந்தாள். ஆள் குறைந்துபோன பட்டியலில் லூர்துசாமி இருந்தான். நேற்றும் பார்த்திருந்தான். அவளுக்குக் காது சூடாயிற்று. அவன் பக்கத்தைத் திறந்தாள். முன்பு அங்கே 'நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் இல்லை' என்று ஒரே வரிதான் இருக்கும். இப்போது வேறு ஏதோ இருந்தது.

'ஸ்பேர் பார்ட்ஸ் கடை. முப்பத்தைந்து வயது. போன மாதம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். மறைத்திருக்கலாம், ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னார். அவர் முதலிலேயே அதை எழுதியிருந்தார், வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பிறகு புரிந்தது. நான் அன்றைக்குப் பதில் சொல்லாமல் அப்பா பின்னால் கிளம்பி வந்துவிட்டேன். அப்பா பேச்சை மீறிப் பழக்கம் இல்லை. அது என் குறை. இதைத் தெரிந்துகொண்டுதான் என்னோடு ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.'

பிரிசில்லா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இதை வேறு எவனும் எழுதியிருக்க முடியாது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் இவளைத் திரும்பிப் பார்த்தாள், இவள் வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

பெண் வீட்டிலிருந்து விருப்பம் அனுப்பும் வழக்கம் அவர்கள் பக்கம் கிடையாது. பெண்ணே அனுப்புவது என்பது கேள்விப்படாத சங்கதி. அம்மாவுக்குத் தெரிந்தால் மயக்கம் போட்டு விழுவாள். பிரிசில்லா சுட்டியை அந்தப் பொத்தான்மேல் கொண்டுபோனாள், எடுத்தாள், மறுபடி கொண்டுபோனாள். அமுக்கினாள். செய்தி எழுத ஒரு கட்டம் திறந்தது.

'நீங்கள் பயந்தவர்தான். அன்றைக்கு எனக்கு ரொம்ப வலித்தது. ஆனால் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. அப்பாவிடம் முதலில் நீங்களே பேசுங்கள். பேசிவிட்டால் வாருங்கள். பேச முடியாவிட்டால் அதையும் நீங்களே எனக்குச் சொல்லுங்கள், யார் மூலமாகவும் சொல்லி அனுப்ப வேண்டாம்.'

அனுப்பிவிட்டு எழுந்தாள். பையில் செல்போன் அடித்தது. மங்கலம்பேட்டை நம்பர்தான்.

"நான் லூர்துசாமி பேசறன். நீங்க அனுப்புனத இப்பதான் படிச்சன். அப்பா எதுத்தாப்புலதான் உக்காந்திருக்காரு. நீங்க லைன்லயே இருங்க, இப்பவே அவுருகிட்ட சொல்லிட்றன்."